ஐ.என்.ஆர். இரண்டைத் தாண்டியும் ஊசியை நிறுத்தாதது ஏன்? – அனுபவப் பகிர்வு

மாயவரத்து மகள்:
அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தபோது இடது கால் வீங்கிவிட்டது. டாப்ளர் ஸ்கேனில் தொடை ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி. அவர் எடை 60 கிலோ. அன்றே எனாக்ஸபரின் 60 மி.கி. ஊசி, காலை மாலை வயிற்றில். அன்று இரவே வார்ஃபரின் 5 மி.கி. மாத்திரையும். உறைதலைத் தடுக்க ஒன்று போதாதா, எதற்கு இரண்டு என்று அப்போதே எனக்குக் குழப்பம்.

நாலாம் நாள் காலை, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2.2 வந்தது. 2 முதல் 3 வரை இருக்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். "அதான் வந்துடுச்சே, ஊசியை நிறுத்துங்க" என்று தம்பி கேட்டான். அப்பா வயிறு முழுக்க ஊதா நிறத் திட்டுகள், பார்க்கவே பாவமாக இருந்தது. டியூட்டி டாக்டர் முடியாது என்றுவிட்டார். குறைந்தது ஐந்து நாள் ஊசி, அதோடு ஐ.என்.ஆர். ஒரு முழு நாளாவது 2-க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும் என்றார். காரணம் கேட்பதற்குள் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார். இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

சித்தப்பா துணை:
எங்க சித்தப்பாவும் ரத்தம் இளக்கும் மாத்திரைதான் சாப்பிடுறார். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும். ஐ.என்.ஆர். எல்லாம் எடுத்ததே இல்லை. உங்க ஆஸ்பத்திரியில் பில் ஏற்றுகிறார்களோ?

லேப் அண்ணன்:
உங்க சித்தப்பா சாப்பிடுவது தட்டணுக்கள் ஒட்டாமல் இருப்பதற்கு. அது வேறு கணக்கு, அதற்கு ஐ.என்.ஆர். தேவையில்லை.

மாயவரத்து மகளுக்கு: அந்த டாக்டர் சொன்னது சரி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், இந்த நாலாம் நாள் 2.2-ஐ அடிக்கடி பார்ப்பேன்.

வார்ஃபரின் ரத்தத்தில் எதையும் நேரடியாகத் தொடாது. அதன் வேலை கல்லீரலில். வைட்டமின் கே-யை வைத்துக் கல்லீரல் நாலு உறைதல் காரணிகளை, அதாவது ரத்தம் உறைய உதவும் புரதங்களை, செய்கிறது: 2, 7, 9, 10. அந்தத் தயாரிப்பை மட்டும்தான் வார்ஃபரின் கெடுக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடிக்கொண்டிருப்பதை ஒன்றும் செய்யாது. மோட்டாரை நிறுத்தினாலும் மேல்தொட்டியில் உள்ள தண்ணீர் தீரும்வரை குழாயில் வருமே, அப்படி.

எல்லாம் ஒரே வேகத்தில் தீர்வதில்லை என்பதுதான் சிக்கல். 7-ம் காரணி ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். 2-ம் காரணி, அதாவது புரோத்ராம்பின், பாதியாகவே இரண்டரை மூன்று நாள் ஆகும். ஐ.என்.ஆர். முதலில் ஏறுவது பெரும்பாலும் 7 குறைந்ததால். ஆனால் கட்டி வளர்வதை உண்மையில் தடுப்பது 2-ம் 10-ம் குறைவது. உங்க அப்பா முதல் மாத்திரை போட்டு நாலாம் நாள் காலை வரை அறுபது மணி நேரம் இருக்குமா? அப்போது அவர் ரத்தத்தில் புரோத்ராம்பின் பாதிக்குப் பாதி மிச்சம் இருந்திருக்கும். காகிதத்தில் 2.2, காலில் இன்னும் பாதுகாப்பு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. உறைதலுக்கு உடம்பே வைத்திருக்கும் பிரேக், புரோட்டீன் சி. அதையும் கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத்தான் செய்கிறது. அது எட்டு மணி நேரத்தில் பாதியாகிறது. அதனால் முதல் இரண்டு மூன்று நாள் வார்ஃபரினைத் தனியாகக் கொடுத்தால் பிரேக் முதலில் போய், உறைதல் கூடவே செய்யலாம்.

ஊசி அந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. ஹெபாரினும் அதன் வகையான எனாக்ஸபரினும் நம் ரத்தத்திலேயே இருக்கும் ஆன்டித்ராம்பின் என்ற புரதத்தைப் பிடித்து அதன் வேகத்தைப் பல மடங்கு கூட்டும். அது போய் வேலை செய்துகொண்டிருக்கும் 10-ம் காரணியையும், 2-ம் காரணியிலிருந்து உண்டாகும் த்ராம்பினையும் மடக்கும். எனாக்ஸபரினில் 10-ன் பக்கம் அதிகம். எதுவும் தீரக் காத்திருக்க வேண்டாம் என்பதால் சில மணி நேரத்திலேயே முழுப் பலன்.

கீரை வேண்டாம்:
என் மாமாவுக்கும் வார்ஃபரின்தான். கட்டியைக் கரைக்கிற மாத்திரை. முருங்கைக்கீரை, முட்டைக்கோஸ் எல்லாம் அறவே கூடாது, சாப்பிட்டால் மருந்து வேலையே செய்யாது.

லேப் அண்ணன்:
வைட்டமின் கே கூடினால் ஐ.என்.ஆர். இறங்கும், அது உண்மை. அதற்காகக் கீரையை ஒழிக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருந்தால் மாத்திரை அளவை அதற்கேற்ப வைத்துவிடலாம். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு விருந்தில் ஒரு தட்டு சாப்பிடுவதுதான் கணக்கைக் குலைக்கும். அப்புறம், இந்த மருந்து எதுவும் கட்டியைக் கரைக்காது. வளரவிடாமல் நிறுத்தும், அவ்வளவுதான். கரைப்பது உடம்பின் வேலை.

ஓட்டுநர் கோவை:
எனக்கும் காலில்தான் கட்டி. ஒரு ஊசிகூடப் போடவில்லை. அபிக்ஸபான் மாத்திரை 10 மி.கி. காலை மாலை ஏழு நாள், அதற்குப் பிறகு 5 மி.கி. காலை மாலை. மாதா மாதம் ரத்தப் பரிசோதனை என்ற தொல்லையும் இல்லை. உங்க அப்பாவுக்கு ஏன் இதைக் கொடுக்கவில்லை?

ஒரு தடவை ஊரில் வேறொரு டாக்டர் ஐ.என்.ஆர். எடுத்துப் பார்த்துவிட்டு 1.2 தான் இருக்கிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று பயமுறுத்திவிட்டார்.

லேப் அண்ணன்:
அபிக்ஸபானுக்கு ஐ.என்.ஆர். பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ரத்தத்தில் மருந்து நன்றாக இருக்கும்போதும் 1.2 காட்டும். அது நேராகப் போய் 10-ம் காரணியின் வாயில் உட்கார்ந்துகொள்கிறது, ஆன்டித்ராம்பின் துணைகூடத் தேவையில்லை. ரிவரோக்ஸபானும் அப்படித்தான். டபிகாட்ரான் ஒரு படி கீழே, த்ராம்பினையே பிடிக்கும். கல்லீரலின் கையிருப்பு தீரக் காத்திருக்க வேண்டாம் என்பதால்தான் உங்களுக்கு ஊசி இல்லாமல் ஆரம்பித்தார்கள். டபிகாட்ரானை மட்டும் கால் கட்டிக்குச் சில நாள் ஊசி போட்ட பிறகே தொடங்குவார்கள், ஆய்வுகளை அப்படித்தான் நடத்தினார்கள்.

ஆனால் வேகமாக வருவது வேகமாகப் போகும். இரண்டு வேளை மறந்தால் ஏறக்குறைய மருந்தே இல்லாத நிலை. வண்டி ஓட்டப் போகும்போது பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வால்வு அக்கா:
புது மாத்திரை எல்லாருக்கும் கிடையாது தம்பி. எனக்கு இதயத்தில், மைட்ரல் இடத்தில் உலோக வால்வு. அசிட்ரோம் சாப்பிடுகிறேன், அதுவும் வார்ஃபரின் குடும்பம்தான். ஐ.என்.ஆர். அலைச்சல் தாங்காமல் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டேன். இதய டாக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். உலோக வால்வுக்காரர்களுக்கு டபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-லேயே பாதியில் நிறுத்திவிட்டார்களாம். வால்வில் கட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது. ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது எனக்குப் பாதிதான் புரிந்தது.

லேப் அண்ணன்:
பலரும் சொல்லும் விளக்கம் இது: வால்வின் மேற்பரப்பில் ரத்தம் படும்போது உறைதல் பல இடத்தில் தூண்டப்பட்டு த்ராம்பின் நிறைய உண்டாகிறது. ஒரே ஒரு இடத்தை அடைக்கும் மருந்தை அது மீறிவிடுகிறது. வார்ஃபரின் நாலு காரணியையும் சேர்த்துக் குறைப்பதால் தாக்குப்பிடிக்கிறது. அது மட்டும்தான் காரணமா என்று என்னைக் கேட்டால் எனக்குச் சந்தேகம் உண்டு.

மாயவரத்து மகள்:
ஐந்தாம் நாள் 2.4, ஆறாம் நாள் காலை 2.6. அன்றைக்குத்தான் ஊசியை நிறுத்தினார்கள். புது மாத்திரை ஏன் இல்லை என்று கேட்டேன். மாதச் செலவைப் பற்றி ஏதோ சொன்னார்கள், அது மட்டும்தானா என்று தெரியவில்லை. தம்பி இன்னும் சண்டை போடுகிறான்.

இப்போது அப்பாவுக்குப் பல் வலி. பல் டாக்டர் மெட்ரோனிடசோல் எழுதியிருக்கிறார். வார்ஃபரின் சாப்பிடுவதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. கொடுக்கலாமா?

லேப் அண்ணன்:
முதல் மாத்திரை போடுவதற்கு முன் இரண்டு டாக்டரிடமும் பேசிவிடுங்கள். மெட்ரோனிடசோல், வார்ஃபரின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து ஐ.என்.ஆரை நன்றாகவே ஏற்றிவிடும். வேறு ஆன்டிபயாடிக் தரலாமா, இல்லை வார்ஃபரினைக் குறைத்து மூன்று நாலு நாளில் ஐ.என்.ஆர். பார்ப்பதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். வலிக்கு டைக்ளோஃபெனாக் எழுதியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மாயவரத்து மகள்:
அதுவும் எழுதியிருக்கிறார் அண்ணா. இதோ போன் போடுகிறேன்.