13 டிகிரியில் வைத்த வாழைக்காய் சாம்பல் நிறமாகிறது, என்ன காரணம்? அவசர உதவி தேவை

பச்சைக்குலை:
குளிரறையில் இருந்து எடுத்த வாழைக்காயைப் பழுக்க வைத்தால் நல்ல மஞ்சள் வரவில்லை, சாம்பல் பூசின மாதிரி மங்கலாக வருகிறது. சில சீப்புகள் பழுக்கவே இல்லை, நடுவில் கட்டையாக இருக்கின்றன. குளிர் ஒன்றும் அதிகம் இல்லை, 13தான். அதே அறையில் மாங்காயும் கொஞ்சம் காய்கறியும் இருக்கின்றன. அடுத்த லோடு வருவதற்குள் காரணம் தெரிந்தாக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொல்லைப்புறம்:
உள்ளே வைக்கும்போது பச்சையாக இருந்ததா, பழுக்க ஆரம்பித்துவிட்டதா? எத்தனை நாள் இருந்தது? எல்லாப் பெட்டிகளும் இப்படியா, சிலது மட்டுமா? காய்கறி என்றால் எந்தக் காய்கறி? இதெல்லாம் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

வாயுவேகம்:
மாங்காயை ஒரே அறையில் வைத்ததுதான் தப்பு. அதில் நாலு பழுத்திருந்தாலே எத்திலீன் வரும், வாழையைக் கெடுத்துவிடும். முதலில் மாங்காயை வெளியே எடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மாடித்தோட்டம்:
எனக்கும் இதே பிரச்சினை. வீட்டு ஃபிரிட்ஜில் வாழைப்பழம் வைத்தேன், மறுநாளே தோல் கறுத்துவிட்டது. சாப்பிடலாமா?

மூத்தகுடி:
இந்த இழையில் பாதிப் பேர் கேள்வியையே படிக்கவில்லை. வாழைக்குப் பதின்மூன்றுக்குக் கீழே போகக் கூடாது என்று இங்கே பலமுறை எழுதியாயிற்று. பச்சைக்குலை, உங்கள் அறை 13இல் இல்லை. குளிரறை வைத்திருப்பவர் முதலில் தன் அறையின் வெப்பநிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பச்சைக்குலை:
ஐயா, வெளிச்சுவரில் இருக்கும் டிஸ்ப்ளேயில் 13 என்றுதான் காட்டுகிறது, தினமும் பார்க்கிறேன். காய் முழுப்பச்சை. ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. எல்லாப் பெட்டியும் இல்லை, சிலதுதான். கூட இருப்பது முட்டைக்கோஸ், கேரட், வெள்ளரி. கேரட் கசக்கிறது என்று வாங்கினவர் சொன்னார், அது வேறு விஷயம்.

குளிர்க்காவல்:
தம்பி, மூத்தகுடி சொல்வதும் சரி, உங்கள் டிஸ்ப்ளே சொல்வதும் சரி. அந்த எண் எந்த இடத்துக் காற்றின் எண் என்பதுதான் விஷயம். பெரும்பாலான அறைகளில் சென்சார், குளிர்க்கருவிக்குத் திரும்பி வரும் காற்றில் இருக்கும். அது அறை முழுக்கச் சுற்றி, பெட்டிகளின் சூட்டை வாங்கிக்கொண்டு வருகிற காற்று. அது 13 என்றால், ஃபேனில் இருந்து வெளியே வரும் காற்று அதைவிடச் சில டிகிரி குறைவாகத்தான் இருக்கும். லோடு புதிதாக வந்து கருவி முழு மூச்சில் ஓடும்போது இடைவெளி இன்னும் கூடும். ஃபேனுக்கு நேர் எதிரே அடுக்கின பெட்டிகள் அந்தக் காற்றில் நாள் கணக்கில் நிற்கின்றன.

இரண்டு காரியம் செய்யுங்கள். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை ஃபேன் பக்கப் பெட்டி ஒன்றில் நடுவில் இருக்கும் காயின் சதைக்குள் செலுத்திப் படியுங்கள். அப்புறம் கதவுப் பக்கப் பெட்டியிலும் அதே மாதிரி. அடுத்து, பச்சைக் காயின் தோலை நீளவாக்கில் மெல்லிசாகச் சீவிப் பாருங்கள். மேல்தோலுக்கு அடியில் பழுப்பு நிறக் கீற்றுகள் ஓடியிருந்தால் அது குளிர்ப் பாதிப்பு. வெளியே இருந்து பார்த்தால் காய் பச்சையாக, நன்றாகத்தான் இருக்கும்.

வாயுவேகம்:
உறைந்தால்தானே கெடும்? 9, 10 டிகிரியில் ஒரு காய்க்கு என்ன ஆகிவிடும்?

குளிர்க்காவல்:
உறைவது வேறு, அது பூஜ்யத்துக்குக் கீழே நடப்பது. இது வெப்பநாட்டுச் செடி. அதன் செல்களைச் சுற்றியிருக்கும் சவ்வில் உள்ள கொழுப்பு, 13க்குக் கீழே போகப்போக இளக்கம் இழந்து விறைக்கிறது. நாள் ஆக ஆகச் சவ்வு கசியத் தொடங்கும். தனித்தனியாக இருக்க வேண்டிய பொருள்கள் கலக்கும், தோல் பழுப்பாகும். பழுக்க வைக்கும் வேலையும் குழம்பிவிடும். உங்கள் சீப்பு நடுவில் கட்டையாக நின்றது அதனால்தான்.

இதில் நேரமும் சேர்த்தி. 12இல் கொஞ்ச நேரம் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, 8இல் இரண்டு நாள் என்றால் சேதம் நிச்சயம். பெரும்பாலும் அறைக்குள் இருக்கும்வரை தெரியாது, வெளியே சூட்டுக்கு வந்த பிறகுதான் காட்டும். பிறகு வெப்பநிலையை ஏற்றிவிட்டால் பாதிக்கப்பட்ட காய் திரும்பாது.

ஆனால் வாயுவேகம் சொன்ன எத்திலீனையும் தள்ளிவிடாதீர்கள். அது வாழையைச் சீக்கிரம் பழுக்க வைக்கும், பழுக்காமல் நிறுத்தாது. அதனால் சாம்பல் நிறத்துக்கு அது காரணம் இல்லை. கேரட் கசப்புக்குக் காரணம் அதுவாக இருக்கலாம். முட்டைக்கோஸ் இலை மஞ்சளாகி உதிர்ந்தாலும் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

வாயுவேகம்:
அதைத்தானே நானும் சொன்னேன்.

மூத்தகுடி:
நீங்கள் சொன்னது வாழையைப் பற்றி.

மாடித்தோட்டம்:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. தோல் கறுத்த பழம் விஷமா?

மூத்தகுடி:
வாழையை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

கொல்லைப்புறம்:
அப்படி ஒரேயடியாகச் சொல்ல முடியாது. நன்றாகப் பழுத்த பழம் என்றால் தோல்தான் கறுக்கும், உள்ளே சதை சில நாள் நன்றாகவே இருக்கும். பழுக்காத காயை வைப்பதுதான் வீண், அது அப்படியே நின்றுவிடும். விஷமெல்லாம் இல்லை.

மூத்தகுடி:
மணம் போய்விடும். மணம் போன பழத்தைப் பழம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கொல்லைப்புறம்:
அது உங்கள் நாக்கு. அழுகித் தூக்கிப் போடுவதைவிட அது மேல் என்பது என் கணக்கு.

பச்சைக்குலை:
பார்த்துவிட்டேன். ஃபேன் பக்கப் பெட்டியில் காயின் உள்ளே 9, கதவுப் பக்கம் 13. சீவிப் பார்த்ததில் ஃபேன் பக்கக் காயில் மட்டும் பழுப்புக் கீற்று. இப்போது என்ன செய்வது? 16 வைத்துவிடட்டுமா?

குளிர்க்காவல்:
கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாதீர்கள், கதவுப் பக்கம் இருப்பது அறைக்குள்ளேயே பழுக்கத் தொடங்கிவிடும். கருவி பொருத்தினவரைக் கூப்பிட்டு, சென்சாரை ஃபேனில் இருந்து வெளியே வரும் காற்றுப் பக்கம் மாற்றி, அந்தக் காற்றே 13க்குக் கீழே போகாதபடி வைக்கச் சொல்லுங்கள். வாழை ஏற்றிப் போகும் குளிர்ப் பெட்டகங்களில் அப்படித்தான் செய்வார்கள். ஒரு குறை உண்டு, புது லோடு ஆறுவதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அதுவரை ஃபேன் எதிரே பெட்டி வைக்காமல் இடம் விடுங்கள், பெட்டிகளுக்கு நடுவிலும் காற்றுப் போக வழி இருக்கட்டும்.

காய்கறியைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். முட்டைக்கோஸும் கேரட்டும் பூஜ்யத்தை ஒட்டிய குளிரில்தான் நீடிக்கும், உங்கள் அறை அவற்றுக்குச் சூடு. வெள்ளரிக்கு உங்கள் அறைக் குளிர் பொருந்தும், 10க்கு மேல் இருந்தால் போதும். ஆனால் எத்திலீன் பட்டால் மஞ்சளாகும். மாங்காய்க்கும் வாழை மாதிரிதான், முற்றிய பச்சைக் காய்க்கு 12, 13. பழுத்தது 10 வரை தாங்கும். ஃபேன் பக்கம் மாங்காய் இருந்ததா? தோலில் சாம்பல் திட்டோ சின்னக் குழிகளோ தெரிகிறதா?

பச்சைக்குலை:
மாங்காயும் அந்தப் பக்கம்தான் இருந்தது. இப்போதைக்குத் தோலில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டிகளை நகர்த்திவிட்டேன், மெக்கானிக் நாளைக்கு வருகிறார். நன்றி அண்ணா.

குளிர்க்காவல்:
தோலை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபேன் பக்க மாங்காயில் சிலதையும் கதவுப் பக்கத்தில் சிலதையும் வெளியே எடுத்து, தனித்தனியாகக் குறித்துப் பழுக்க வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திட்டுத்திட்டாகப் பழுத்தால், மணம் வராவிட்டால், அந்த வரிசை முழுக்கச் சந்தேகம்தான். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

வாயுவேகம்:
முட்டைக்கோஸையும் பாருங்கள். இலை உதிர்ந்தால் நான் சொன்னது அங்கேயாவது சரி.