பில் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது, விவரத்தில் என்னதான் எழுதுவது?

தெப்பக்குளம் ஏசி:
கப்பலூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு ஏசி சர்வீஸ் செய்கிறேன். வேலையில் குறை இல்லை, பில்தான் நகரவில்லை. நான் அடித்தது ஒரே வரி: "ஏசி வேலை, ஆகஸ்ட் மாதம், 1, ரூ.23,400", ஜிஎஸ்டி தனி. முதலில் எத்தனை ஏசி என்றார்கள். அப்புறம் எந்தத் தேதி என்றார்கள். இப்போது ஒர்க் ஆர்டரோடு பொருந்தவில்லையாம்.

பழங்காநத்தம் பிரஸ்:
எஸ்ஏசி கோடு விட்டிருப்பீர்கள். 9987 போட்டு அனுப்புங்கள், ஓடிவிடும்.

திருநகர் கணக்கு:
கோடு வேண்டும்தான், ஆனால் அது வரிக்கு. இங்கே சிக்கல் வேறு. மில் கணக்கில் இருபது வருடம் பில் பார்த்தவன் சொல்கிறேன். பாஸ் பண்ணுகிறவர் உங்கள் ஏசியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு கையில் ஒர்க் ஆர்டர், மறு கையில் பில். ஆர்டரில் "ஒன்றுக்கு இவ்வளவு" என்று ரேட் இருக்க, நீங்கள் மொத்தமாக 1 என்று போட்டால் அவர் எதை எதோடு ஒப்பிடுவார்? அந்த 23,400-ஐப் பிரித்துச் சொல்லுங்கள் தம்பி.

தெப்பக்குளம் ஏசி:
வாட்டர் சர்வீஸ் 24 ஏசி, 650 வீதம் 15,600. கெப்பாசிட்டர் 6, 450 வீதம் 2,700. ஒரு ஏசிக்கு போர்டு ரிப்பேர் 5,100. கடைசியது ஆர்டரில் இல்லை, இன்ஜினியர் வாய்மொழியாகச் சொன்னார்.

திருநகர் கணக்கு:
மாட்டிய இடம் அதுதான். மூன்று வரியாக்குங்கள். பில்லில் ஆங்கிலத்தில் அடிப்பீர்கள், இங்கே தமிழில் எழுதுகிறேன்: "ஆர்டர் வரிசை 10, ஸ்ப்ளிட் ஏசி வாட்டர் சர்வீஸ், ஆகஸ்ட் 12 முதல் 14 வரை, ஆபீஸ் பிளாக், சர்வீஸ் ரிப்போர்ட் 118", எண்ணிக்கை 24, ரேட் 650. ஆர்டரில் வேலைக்கு என்ன பெயரோ அதையே எழுதுங்கள். அவர்கள் "வெட் சர்வீஸ்" என்று போட்டிருந்தால் நீங்களும் அதேதான். ரிப்போர்ட்டில் இன்ஜினியர் கையெழுத்தும் 24 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 23 இருந்தால் மறுபடி உங்களிடம்தான் வரும்.

ஒத்தக்கடை பிளம்பர்:
நான் அரைப் பக்கம் எழுதியும் கேள்வி வந்ததே அண்ணே! எந்த வால்வு, எந்தக் குழாய், எல்லாம் எழுதினேன்.

திருநகர் கணக்கு:
அதுவும் தொந்தரவுதான். பல ஆபீசில் திரையில் முதல் சில சொற்கள்தான் தெரியும். வரிசை எண்ணும் வேலையின் பெயரும் முன்னால் வரட்டும். வால்வு, குழாய் எல்லாம் ரிப்போர்ட்டில் போதும்.

தெப்பக்குளம் ஏசி:
சரி. போர்டு ரிப்பேரை என்ன செய்ய?

திருநகர் கணக்கு:
இன்ஜினியரிடம் ஒரு மெயில் வாங்கி, அதன் தேதியை அந்த வரியில் எழுதித் தனி பில்லாகப் போடுங்கள். சேர்த்தால் 5,100-க்காக 18,300-ம் நிற்கும்.

பழங்காநத்தம் பிரஸ்:
தனியாகப் போட்டால் அந்தச் சின்ன பில்லை யாரும் சீந்த மாட்டார்கள். என் அனுபவம்.

தெப்பக்குளம் ஏசி:
ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 24 சரியாக இருக்கிறது, கெப்பாசிட்டர் மட்டும் 5 என்று எழுதியிருக்கிறான் பையன். நாளை காலை கப்பலூர் போகிறேன்.