பின் பண்ணிய கமெண்டுக்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை, எங்கே தப்பு?

லயத்துப்பேத்தி (சுங்கை சிப்புட்)
வணக்கம். யூடியூப் ஷார்ட்ஸில் பாட்டியை வைத்து 38 விநாடி வீடியோ ஒன்று போட்டேன். பால்மரம் வெட்டின காலத்தில் மரத்துப் பால் பிடித்த மங்கு ஒன்றைப் பாட்டி இன்னும் வைத்திருக்கிறார், இப்போது அதில் உப்பு போட்டு அடுப்புப் பக்கத்தில் இருக்கிறது, அதுதான் வீடியோ. போட்ட கையோடு “உங்கள் கருத்துகளைப் பகிருங்கள்” என்று எழுதிப் பின் பண்ணினேன். 2,300 பார்வை வந்தது, கமெண்ட் ஆறுதான், அதிலும் நான்கு வெறும் கைகூப்பு. காலை ஆறே முக்காலுக்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன், எங்கள் பேக்டரியில் உள்ளே போன் கிடையாது, மாலை நாலு மணிக்குத்தான் எல்லாருக்கும் “நன்றி” போட்டேன். ஒருவர் மட்டும் “அது மங்கு இல்ல, எங்க பக்கம் சிரட்டைதான் கட்டுவாங்க” என்று வம்புக்கு வந்தார், அதை நீக்கிவிட்டேன். எதை மாற்றுவது?

குட்டி_கேமரா
புரொபைல்ல மேல மூணு வீடியோ பின் பண்ணலாமே, அதைச் செய்யுங்க, நான் அப்படித்தான் செய்தேன்.

லயத்துப்பேத்தி
தம்பி, அது வேற, டிக்டாக்கில் வீடியோவைப் பின் பண்ணுவது. நான் கேட்பது வீடியோவுக்குக் கீழே இருக்கும் கமெண்டை.

மணி_ஈப்போ
முதல் ஒரு மணி நேரத்துல கமெண்ட் வரலைன்னா வீடியோ செத்த மாதிரிதான் அக்கா. அதனால நண்பர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு கமெண்ட் போடச் சொல்லுங்க.

பழையகிராணி
மணி சொன்னதில் பாதி சரி. முதல் ஒரு மணி நேரம் முக்கியம்தான், ஆனால் அதில் தவறினால் வீடியோ செத்துவிடும் என்பதில்லை. ஷார்ட்ஸ் மூன்று நாள் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தின் பலன் வேறு. முதலில் எழுதுகிறவர் பெரும்பாலும் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருப்பார். ஐந்து நிமிடத்தில் பதில் போனால் நோட்டிபிகேஷன் பார்த்து மறுபடி வருவார், ஒன்பது மணி நேரம் கழித்துப் போனால் வரமாட்டார். அதோடு பின்னால் வருகிறவர் கமெண்டைத் திறக்கும்போது ஏற்கெனவே நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் தானும் ஒரு வார்த்தை போடுவார். பத்து நண்பர்கள் “சூப்பர்” போட்டால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

இன்னொன்று. ஷார்ட்ஸில் கமெண்ட் படத்தைத் தட்டினால்தான் பின் பண்ணியது கண்ணில் படும். ஆகவே கேள்வி வீடியோவிலேயே தொடங்க வேண்டும். கடைசி மூன்று விநாடியில் பாட்டியே “உங்க வீட்டு மங்கு எங்க?” என்று கேட்கட்டும், பின் பண்ணுவதில் அதையே கொஞ்சம் நீட்டுங்கள்: “உங்கள் வீட்டில் மங்கு இன்னும் இருக்கிறதா? இப்போது அதில் என்ன வைத்திருக்கிறீர்கள்?” இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடிகிற கேள்வி. “கருத்துகளைப் பகிருங்கள்” என்றால் எதைப் பற்றி என்று யோசிக்கிற நேரத்துக்குள் விரல் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும்.

அப்புறம், “நன்றி” கதவைச் சாத்துகிற வார்த்தை. “எங்கம்மா மிளகாய்த்தூள் வைப்பாங்க” என்று ஒருவர் எழுதினால் “எந்தத் தோட்டம்? பீங்கானா, அலுமினியமா?” என்று கேளுங்கள். அந்தச் சிரட்டைக்காரரை நீக்கினீர்களே, ஐயோ! அதுதான் வந்ததிலேயே நல்ல கமெண்ட். தேங்காய்ச் சிரட்டை கட்டியதும் உண்மைதான். உங்களுடையதை எடுத்துவிட்டு அவருடையதைப் பின் பண்ணி, “உங்கள் பக்கம் எது?” என்று கீழே கேட்டிருக்கலாம். ஒரு கமெண்டைத்தான் பின் பண்ண முடியும், புதியதைப் பின் பண்ணினால் பழையது தானாக இறங்கிவிடும்.

ராணி_சமையல்
எனக்கு வேறு பிரச்சினை. கமெண்ட் வந்ததாகக் காட்டும், போய்ப் பார்த்தால் இருக்காது.

பழையகிராணி
யூடியூப் ஸ்டூடியோவில் Held for review பகுதியைப் பாருங்கள் அம்மா, அங்கே மாட்டிக்கொண்டிருக்கலாம். நீங்கள் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். முதல் ஒரு மணி நேரத்தில் இதையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. லிங்க் போட நினைத்தால் வேண்டாம், ஷார்ட்ஸ் கமெண்டில் லிங்கைத் தட்டினால் திறக்காது, 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அப்படித்தான்.

மணி_ஈப்போ
சரி, அப்ப எத்தனை மணிக்குப் போடணும்? ராத்திரி எட்டுதானே?

பழையகிராணி
அவர் ஒரு மணி நேரம் போனோடு உட்கார முடிகிற மணி எதுவோ அது. அதிகாலையில் போடுவதாக நேரம் குறித்து வைத்தால், வெளியாகும்வரை வீடியோ பிரைவேட்டாக இருக்கும், கமெண்ட் எழுதிப் பின் பண்ண முடியாது. கையில் போன் இருக்கும்போது நேராகப் போடுங்கள்.

லயத்துப்பேத்தி (ஒன்பது நாள் கழித்து)
அடுத்த வீடியோ ஒட்டுப்பால் பற்றி, ஞாயிறு சாயங்காலம் போட்டேன். “ஒட்டுப்பால் வாசனை துணியில போக உங்க வீட்ல என்ன செய்வாங்க?” என்று பின் பண்ணினேன். முதல் பதிலை அவசரத்தில் அம்மா போனிலிருந்து, அம்மா பெயரிலேயே போட்டுவிட்டேன், அதை நீக்கிவிட்டுத் திரும்ப எழுதினேன். மொத்தம் 31 கமெண்ட், 14 என்னுடையது. சீயக்காயா சவுக்காரமா என்று இரண்டு அக்காமார் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பார்வை 1,900தான், போன தடவையைவிடக் குறைவு. இது ஏன்?

பழையகிராணி
கமெண்ட் பார்வையைத் தூக்கும் என்று நான் சொல்லவே இல்லையே. முதல் இரண்டு விநாடியில் எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள் என்பதைப் பாருங்கள். வீடியோ எதில் தொடங்குகிறது?

லயத்துப்பேத்தி
நான் வணக்கம் சொல்வதில்.

மணி_ஈப்போ
அக்கா…