அந்த 31 எங்கிருந்து வந்தது?

வழிப்போக்கன்:
பேருந்தின் பயண நேரத்தில் 10 நிமிடம் குறைந்தால், புதிதாகப் பேருந்துக்கு வரும் நூறு பேரில் 31 பேர் காரை விட்டு வருவார்கள் என்று, பயணிகள் எந்த வாகனத்தைத் தெரிந்தெடுப்பார்கள் எனக் கணிக்கும் எங்கள் லாஜிட் மாதிரி கண்டறிந்துள்ளது. இதை மறுக்க விரும்புகிறவர்கள் கணக்குப் போட்டு மறுக்கட்டும்.

கணக்காயர்:
கணக்குப் போட்டே மறுக்கிறேன். T நிமிடக் கணக்கில் பயண நேரம், C செலவு, V ஒரு வாகனத்தின் ஈர்ப்பு, P அதைத் தெரிந்தெடுக்கும் நிகழ்தகவு, tw இருசக்கர வாகனம். நீங்கள் தந்த கெழுக்கள் இவை:

```
V = -0.04*T - 0.02*C
P_i = exp(V_i) / (exp(V_bus) + exp(V_tw) + exp(V_car))
```

பேருந்துக்கு 50 நிமிடமும் 10 அலகு செலவும், இருசக்கர வாகனத்துக்கு 30 நிமிடமும் 30 அலகும், காருக்கு 25 நிமிடமும் 80 அலகும் என்று வைத்திருக்கிறீர்கள். அதன்படி V முறையே -2.2, -1.8, -2.6 ஆகிறது. நிகழ்தகவு பேருந்துக்கு 31.6, இருசக்கரத்துக்கு 47.2, காருக்கு 21.2 விழுக்காடு. பேருந்தை 40 நிமிடமாக்கினால் அதன் V -1.8 ஆகி, பங்குகள் 40.8, 40.8, 18.3 என்று மாறுகின்றன. இதுவரை பிழை ஏதும் இல்லை.

இனி, இருசக்கரத்தின் பங்கைக் காரின் பங்கால் வகுத்துப் பாருங்கள். முன்பும் 2.23, பின்பும் 2.23. பேருந்துக்கு என்ன நேர்ந்தாலும் அந்த விகிதம் அசையாது, ஏனெனில் வகுக்கும்போது பேருந்து இருக்கும் கீழ்த்தொகை அடிபட்டுப் போய்விடுகிறது. ஆகவே இரண்டும் ஒரே விழுக்காட்டில், அதாவது 13.5 விழுக்காட்டில், தேய்கின்றன. பத்துக்குப் பதில் 2 நிமிடம் குறையுங்கள், அல்லது பேருந்துக் கட்டணத்தையே நீக்கிவிடுங்கள், அப்போதும் 31 தான் வரும். கேள்வியை மாற்றினாலும் மாறாத விடையை எப்படிக் கண்டுபிடிப்பு என்று சொல்வீர்கள்? பேருந்தில் போகாதவர்களுள் இன்று காரில் போகிறவர்களின் பங்குதான் அந்த 31.

வழிப்போக்கன்:
கெழுக்களை நாங்கள் கற்பனையில் உண்டாக்கவில்லை, ஆய்வுத் தரவிலிருந்து மதிப்பிட்டோம். தரவிலிருந்து வந்த கெழு, கெழுவிலிருந்து வந்த நிகழ்தகவு, நிகழ்தகவிலிருந்து வந்த 31. இதில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது? பொருளியலறிஞர் மெக்ஃபேடன் இதே வகை மாதிரியைக் கொண்டு, சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் புதிய பார்ட் ரயிலுக்கு 6.3 விழுக்காடு பங்கு கிடைக்கும் என்றார், 6.2 கிடைத்தது. 2000-இல் நோபல் பரிசும் பெற்றார். நீங்கள் அவரையும் மறுப்பீர்கள் போலும்.

கணக்காயர்:
மெக்ஃபேடனைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். அந்த 6.3 ரயிலின் மொத்தப் பங்கைச் சொன்னது, எந்த வண்டியை விட்டு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லவில்லை. நம் வாதம் இரண்டாவதைப் பற்றியது. நேரத்துக்கும் செலவுக்கும் பயணிகள் தரும் எடையைத் தரவு சொன்னது, அதை ஏற்கிறேன். ஆனால் பேருந்துக்கு வருபவர்கள் காரிலிருந்தும் இருசக்கரத்திலிருந்தும் அவற்றின் பங்குக்கேற்பவே வருவார்கள் என்பதைத் தரவு சொல்லவில்லை, சூத்திரம்தான் சொல்கிறது.

தாமரை:
இருவரும் மாறிலியை மறந்துவிட்டீர்கள். ஒவ்வொரு வாகனத்துக்கும் தனி மாறிலி சேர்த்தால், காரின் வசதியும் மழையில் நனையாத பாதுகாப்பும் அதில் அடங்கிவிடும். அப்போது இந்தச் சிக்கல் எழாது.

கணக்காயர்:
மாறிலி தேவை என்பது சரி, சிக்கல் எழாது என்பது தவறு. மாறிலி தொடக்கப் பங்குகளை மாற்றும், 31 என்பது 25 ஆகவோ 40 ஆகவோ ஆகலாம். ஆனால் பேருந்தை மேம்படுத்தும்போது மாறிலியும் மேலும் கீழும் அடிபட்டு, அதே விகிதம் உறைந்தே நிற்கும்.

தாமரை:
அப்படியானால் காரையும் இருசக்கரத்தையும் சொந்த வாகனம் என்ற ஒரே கூட்டில் வைத்து நெஸ்டட் லாஜிட் போடுங்கள். இதற்காகத்தானே அது வந்தது?

கணக்காயர்:
பலரும் சறுக்கும் இடம் இது. அந்தக் கூட்டுக்கு வெளியே இருக்கும் பேருந்தை நீங்கள் மேம்படுத்துகிறீர்கள். கூட்டுக்குள் இருக்கும் இரண்டும் அப்போதும் ஒரே விகிதத்தில்தான் தேயும். மொத்தமாக எத்தனை பேர் வருவார்கள் என்பது மாறும், அவர்களில் காரை விட்டு வருபவர்களின் பங்கு மாறாது. பேருந்தும் இருசக்கரமும் ஒன்றுக்கொன்று நெருங்கிய மாற்று என்று நினைத்தால், அவை இரண்டையும் ஒரே கூட்டில் வைக்க வேண்டும். அந்தக் கூட்டைத் தரவு ஏற்கிறதா என்பது வேறு கேள்வி.

ஈருருளி:
என்னிடம் கார் இல்லை, ஒரு பழைய ஸ்கூட்டர்தான் இருக்கிறது. உங்கள் மாதிரி எனக்கும் 21 விழுக்காடு கார் வாய்ப்புத் தருகிறதே, அது எப்படி? நான் பேருந்துக்கு மாறினால் ஸ்கூட்டரை விட்டுத்தான் மாற முடியும்.

வழிப்போக்கன்:
தனிமனிதர் ஒருவரின் கதையைக் கொண்டு மாதிரியை எடைபோடக் கூடாது. 21 என்பது சராசரி.

கணக்காயர்:
கதை என்று தள்ளாதீர்கள், இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் மிகக் கூர்மையான கேள்வி அதுதான். கார் இல்லாதவரின் தெரிவுப் பட்டியலிலிருந்து காரை நீக்கிவிட்டுக் கணக்கிட வேண்டும். அவருக்குப் பேருந்து 40.1 விழுக்காட்டிலிருந்து 50 ஆகிறது, அந்த ஏற்றம் முழுவதும் இருசக்கரத்திலிருந்து வருகிறது. பயணிகளில் பாதிப்பேரிடம் கார் இல்லை என்று வைத்துக்கொண்டு இரு பகுதிகளையும் கூட்டினால், புதிதாக வரும் நூறு பேரில் ஏறத்தாழ 15 பேர்தான் காரை விட்டு வருகிறார்கள். கெழு எதையும் தொடாமலே 31 பாதியாகிவிட்டது.

வழிப்போக்கன்:
அந்தப் பாதிப்பேர் உங்கள் ஊகம். என் 31 ஆய்வில் கிடைத்தது. தவிர, சென்ற மாத விவாதத்தில் நேரத்தை மணியாக இட்டு, நிமிடத்துக்குரிய கெழுவால் பெருக்கி, பேருந்துக்கு 52 விழுக்காடு என்று எழுதியவர் நீங்கள். அவர் எனக்குப் பாடம் நடத்துகிறார்.

கணக்காயர்:
அந்தப் பிழையை ஒரு மணி நேரத்தில் நானே திருத்தினேன். நேரத்தின் எடை அறுபதில் ஒன்றாகி, செலவு மட்டுமே ஆண்டதால் மலிவான பேருந்து மேலேறியது என்று காரணத்தையும் எழுதினேன். நீங்கள் திருத்தத்தை விட்டுவிட்டுப் பிழையை மட்டும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். இப்போது உங்கள் 31-ஐச் சோதியுங்கள். கார் பயணிகளைத் தரவிலிருந்தும் காரைத் தெரிவுப் பட்டியலிலிருந்தும் விலக்கி, பேருந்தையோ இருசக்கரத்தையோ தெரிந்தெடுத்தவர்களை மட்டும் கொண்டு கெழுக்களை மீண்டும் மதிப்பிடுங்கள். -0.04-உம் -0.02-உம் கணிசமாக மாறினால், விகிதம் அசையாது என்ற உங்கள் அனுமானம் நிற்காது. ஹவுஸ்மனும் மெக்ஃபேடனும் 1984-இல் தந்த சோதனை இது. நீங்கள் துணைக்கு அழைத்த அதே மெக்ஃபேடன்தான்.

தாமரை:
தரவு குறைவாக இருந்தால் அந்தச் சோதனை தடுமாறும், சில வேளைகளில் அதன் மதிப்பு எதிர்க்குறியில்கூட வரும். அதை இறுதித் தீர்ப்பாகச் சொல்லாதீர்கள்.

கணக்காயர்:
தீர்ப்பு என்று நான் சொல்லவில்லை. செய்து பார்க்காமலே 31 என்று மேடையேறுவதைத்தான் எதிர்க்கிறேன்.

ஈருருளி:
இன்னொன்றும் கேட்கிறேன். காருக்கு இட்ட 80 அலகு வண்டிக்கா, ஆளுக்கா? என் சகோதரியும் அவர் கணவரும் ஒரே காரில்தான் வேலைக்குப் போகிறார்கள்.

வழிப்போக்கன்:
வண்டிக்கு. ஆய்வுப் படிவத்தில் அப்படித்தான் கேட்டோம்.

கணக்காயர்:
அப்படியானால் இருவர் சேர்ந்து போகும் காரில் ஆளுக்கு 40 அலகு. அதன் V -1.8 ஆகி இருசக்கரத்துக்குச் சமமாகிறது. அந்தப் பயணிகளிடம் உங்கள் 31 என்பது 50 ஆகும். கார் இல்லாதவர்களிடம் அது சுழியம். எந்த 31-ஐ அறிக்கையில் அச்சிடப் போகிறீர்கள்?

வழிப்போக்கன்:
அறிக்கை ஏற்கனவே அச்சுக்குப் போய்விட்டது. அதில் 31 என்றுதான் இருக்கிறது.