அசைவு மட்டும் தெரியாத அம்மாவுக்கு வழி சொல்லுங்கள்

அம்மாவுக்கு மூளையின் இரண்டு பக்கமும் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. கண் பரிசோதனையில் குறை இல்லை. எழுத்து, நிறம், முகம் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அசைவுதான் தெரியவில்லை. டம்ளரில் தேநீர் ஊற்றினால் அது உறைந்துபோன கம்பி மாதிரி நிற்கிறதாம். மட்டம் ஏறுவது தெரியாது. கையில் சுட்ட பிறகுதான் நிரம்பி வழிவது புரிகிறது.

அசைவை உணர்வதில் முக்கியப் பங்குள்ள நடு நெற்றிப்பொட்டுப் பகுதி, அதாவது எம்.டி., இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார் மருத்துவர். ஒரு பக்கம் மட்டும் போனால் பாதிப்பு பெரும்பாலும் இவ்வளவு கடுமையாக இருக்காதாம். 1983-ல் ஜெர்மனியில் பதிவான எல்.எம். என்ற பெண்ணின் கதையைப் படித்தபோது அம்மாவைப் பார்ப்பது போலவே இருந்தது. தூரத்தில் தெரிந்த கார் திடீரென்று பக்கத்தில் நிற்கும். அறையில் நாலு பேர் நடமாடினால் அவரால் இருக்க முடியாது. மெதுவான அசைவு மட்டும் ஓரளவு பிடிபட்டது. போகப்போக, வண்டிச் சத்தத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கப் பழகிக்கொண்டாராம்.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். சத்தத்தை வைத்துச் சாலை கடக்க யாராவது பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா? சத்தமே வராத மின்சார வண்டிகளுக்கு என்ன செய்தீர்கள்? பார்வையற்றோர் டம்ளர் விளிம்பில் மாட்டும், நிரம்பினால் ஒலி எழுப்பும் கருவி இவருக்கு உதவுமா? பேசுபவரின் உதட்டசைவு தெரியாததால் அம்மா பேச்சையே குறைத்துவிட்டார். அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.