ஒரே பேங்க், ஒரே லோன்: மச்சானுக்கு 6%, எனக்கு 10%

குலை லாரி (சுங்கை சிப்புட்): நானும் மச்சானும் ஒரே பேங்கில் 20,000 வெள்ளி பெர்சனல் லோன் கேட்டோம், 5 வருடத்துக்கு. அவருக்கு 6%, எனக்கு 10%. அவர் மில்லில் கிராணி, நான் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். சம்பளம் எனக்குத்தான் அதிகம். இது எப்படி?

தோட்டத்துப் பிள்ளை: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேசையில் உட்கார்ந்தவனுக்கு ஒரு விலை, வெயிலில் நிற்கிறவனுக்கு ஒரு விலை.

ராணி அக்கா: கவலைப்படாதே தம்பி. 2025 ஜூலையில் பேங்க் நெகாராவின் வட்டி விகிதமான ஓபிஆர் 2.75%க்கு இறங்கியதும் எங்கள் வீட்டு லோனில் தவணை குறைந்தது. உனக்கும் இறங்கும்.

பழைய லோன் ஆபீசர்: அக்கா, உங்களுடையது ஓபிஆரைத் தொடரும் எஸ்பிஆர் விகிதத்தோடு ஏறி இறங்கும் லோன். தம்பி கேட்டது பொதுவாக ஒரே விகிதத்தில் நிற்கும். ஓபிஆர் குறைந்தாலும் அவர் தவணை அப்படியேதான் இருக்கும்.

தம்பி, சம்பளம் எவ்வளவு என்பது உங்களால் எவ்வளவு கடன் தாங்க முடியும் என்பதைக் காட்டும். விகிதத்தைப் போடும்போது பேங்க் கேட்பது வேறு கேள்வி: இவரைப் போன்ற 100 பேரில் எத்தனை பேர் கட்டாமல் நின்றுவிடுவார்கள்? ஆளுக்கு 1,000 வெள்ளி கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 2 பேர் நின்று, அவர்களிடம் ஆளுக்கு 300 வெள்ளி மட்டும் திரும்பி வந்தால் நஷ்டம் 1,400. அதாவது போட்ட பணத்தில் 1.4%. 8 பேர் நின்றால் 5.6%. நின்றவர்களிடம் அதை வாங்க முடியாது. அதனால் அந்தக் கூட்டத்தில் ஒழுங்காகக் கட்டுகிறவர்களின் வட்டியில் ஏற்றிவிடுகிறார்கள்.

இன்னொன்று. 10% என்பது முழு 20,000க்கும் 5 வருடமும் போடும் வட்டி. அசல் மாதாமாதம் குறைகிறதே, அதையும் பார்த்தால் உண்மையில் ஏறக்குறைய 17.3% ஆகிறது. மச்சானின் 6%, 10.9% ஆகிறது. அவர் மாதம் 433 வெள்ளி கட்டுவார், நீங்கள் 500. கடைசியில் வித்தியாசம் 4,000 வெள்ளி.

தோட்டத்துப் பிள்ளை: அப்படியென்றால் எவனோ கட்டாததற்கு இவர் தண்டம் கட்ட வேண்டுமா? இவர் எந்தக் கூட்டத்தில் இருக்கிறார் என்று யார் முடிவு செய்தது? லாரிக்காரன் என்ற ஒரே காரணம்தானே!

பழைய லோன் ஆபீசர்: வேலையும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. டிரிப் கணக்கில் வரும் சம்பளம் மழை மாதத்தில் இறங்கிவிடும். கிராணிக்கு அப்படி இல்லை. ஆனால் அதைவிடக் கனமானது பழைய கடன்களைக் கட்டிய விதம். தம்பி, பேங்க் நெகாராவின் கடன் பதிவான ஈசிசிரிஸில் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். கடந்த 12 மாதத்துக்கு ஒவ்வொரு கடனுக்கும் ஓர் எண் இருக்கும். 0 என்றால் பாக்கி இல்லை, 1 என்றால் ஒரு மாதப் பாக்கி, 2 என்றால் இரண்டு.

குலை லாரி: எடுத்துப் பார்த்தேன் அண்ணே. காடி லோனில் இரண்டு 1, ஒரு 2. லாரி வொர்க்‌ஷாப்பில் கிடந்த மாதங்கள் அவை. அப்புறம் எல்லாம் கட்டி முடித்துவிட்டேன்!

பழைய லோன் ஆபீசர்: கட்டியது சரிதான், ஆனால் அந்த எண்கள் அப்படியே நிற்கும். பேங்க் பார்ப்பது எண்ணை. லாரி கெட்டுப்போன கதை அதில் வராது. அவசரம் இல்லையென்றால் அந்த மாதங்கள் 12 மாத வட்டத்தைத் தாண்டும்வரை பொறுங்கள். அடுத்த முறை 6 மாத பேங்க் கணக்கும் ஈபிஎஃப் பட்டியலும் சேர்த்துக் கொடுங்கள். கையில் ரொக்கமாக வாங்கும் பணத்தை பேங்க் வருமானமாக எண்ணுவது கஷ்டம்.

ராணி அக்கா: என் தங்கை மகன் எவரிடமும் கடன் வாங்கியதே இல்லை. அவனுக்கும் கூடுதலாகத்தான் போட்டார்கள். நல்ல பிள்ளைக்கு ஏன்?

பழைய லோன் ஆபீசர்: கட்டிய கணக்கே இல்லாதவரை நல்லவர் என்று காட்ட பேங்கிடம் ஒன்றும் இல்லை அக்கா. அது அவன் தப்பு இல்லை என்பதும் உண்மைதான்.

தோட்டத்துப் பிள்ளை: நான் விடமாட்டேன். மாதம் 433 கட்டக்கூடியவரிடம் 500 கேட்டால், அவர் தவறும் வாய்ப்பு கூடாதா? ஆபத்தானவர் என்று சொல்லி, அந்த விலையாலேயே அவரை ஆபத்தில் தள்ளுகிறீர்கள்.

பழைய லோன் ஆபீசர்: இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஓர் எல்லைக்கு மேல் பேங்க் வட்டியை ஏற்றாமல் லோனே இல்லை என்று சொல்லிவிடும்.

தோட்டத்துப் பிள்ளை: இல்லை என்று சொன்னதும் அவர் எங்கே போவார்? லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன் ஆலோங்கிடம்தானே. அதற்கு உங்கள் கணக்கில் பதில் எங்கே?

குலை லாரி: அண்ணே, அந்த 2 விழுந்து 9 மாதம் ஆகிறது. கூரை மாற்றத்தான் பணம் கேட்டேன். மழைக்கு முன் முடிக்க வேண்டும். 8,000 மட்டும் இப்போது கேட்டால் விகிதம் குறையுமா?

பழைய லோன் ஆபீசர்: தொகை குறைந்தால் வட்டித் தொகை குறையும், விகிதம் குறையும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கூரைக்கு 8,000 போதுமென்றால் அதை மட்டும் வாங்குங்கள். 10% என்றாலும் 2 வருடத்தில் வட்டி 1,600தான், மாதம் 400. மீதியை 0 மட்டும் இருக்கும் அறிக்கையோடு போய்க் கேளுங்கள்.