உதவி: சுவர் வாசகம் வாய்க்குள் உட்காரவில்லை

மூன்றாம்வகுப்பு
அவசரம், நாளைக்குள் சார்ட்டில் எழுத வேண்டும். எதுகை இருக்கிறது, ஆனாலும் பிள்ளைகள் சேர்ந்து சொல்லும்போது முதல் வரியில் தடுக்குகிறது. ஏன்?

> பாடம் முடிந்ததும் கதைப்புத்தகம் எடுப்போம்
> படித்து முடித்ததும் அடுக்கில் வைப்போம்

கணேஷ்_மதுரை
எந்தச் சொல்லில் தடுக்குகிறது? சார்ட்டில் எவ்வளவு இடம்?

யாப்புப்பிரியன்
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் சொல்வது? தேடிப் பார்க்கக் கூடாதா? இரண்டு வரி என்றால் குறள் வெண்பா. முதலடி நான்கு சீர், அடுத்தது மூன்று. உங்களுடையது நாலும் நாலும்.

செல்வி டீச்சர்
கை தட்டிச் சொல்லிப் பாருங்கள். பா-டம், முடிந்-ததும், எடுப்-போம் எல்லாம் இரண்டு தட்டு. இரண்டாம் வரி முழுவதும் இரண்டு இரண்டுதான். கதைப்-புத்-தகம் மட்டும் மூன்று. கூட்டமாகச் சொல்லும்போது பாதிப் பிள்ளைகள் அங்கே பின்தங்கிவிடும்.

எதுகையும் சரியாக விழவில்லை. இரண்டாம் எழுத்து ட, டி, அது பரவாயில்லை. ஆனால் 'பா' நெடில், 'ப' குறில். முதல் எழுத்தின் அளவு ஒத்திருந்தால்தான் காதுக்கு இனிக்கும். இப்படிப் பாருங்கள்:

> எடுத்த நூலைப் படித்திடு
> அடுத்தோர் கையில் கொடுத்திடு

கணேஷ்_மதுரை
எடுப்போம், வைப்போம் என்று கடைசியில் ஒத்து வருகிறதே, அதுதானே எதுகை?

செல்வி டீச்சர்
அது இயைபு. எதுகை வரியின் தொடக்கத்தில் வருவது.

யாப்புப்பிரியன்
'எடுத்த' மாச்சீர். வெண்பாவில் அதன்பின் நிரை வர வேண்டும், 'நூலை' நேர். தளை தட்டுகிறது.

செல்வி டீச்சர்
வெண்பாவுக்குத் தட்டும், சரிதான். அவர் வெண்பா கேட்கவில்லையே. இரண்டு வரியும் ஒரே அளவில் நின்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அதுதான் எளிது.

கடைக்காரர்
என் கடைக்கும் ஒன்று வேண்டும். 'கடன் கேட்காதீர்' என்பதை யாராவது நயமாக எழுதித் தருவீர்களா?

யாப்புப்பிரியன்
'திடு திடு' என்று முடிப்பது மேடைப்பாட்டு வாடை. இலக்கணம் தெரியாதவர்கள் எழுதினால் இப்படித்தான்.

கணேஷ்_மதுரை
'படி' என்று சொன்னால் போதாதா என்று எனக்கும் தோன்றுகிறது.

செல்வி டீச்சர்
போதும். ஆனால் அப்போது கடைசித் தட்டு ஒன்றாகக் குறையும், இரண்டு வரியிலும் ஒன்றுபோல் குறைக்க வேண்டும்.

மூன்றாம்வகுப்பு
மன்னிக்கவும், சொல்ல விட்டுவிட்டேன். புத்தகம் அடுக்குக்குத் திரும்ப வேண்டும், அதற்காகத்தான் இந்த வாசகமே. அடுத்தவர் கைக்குப் போனால் அப்புறம் கிடைக்காது!

செல்வி டீச்சர்
அப்படியானால் இரண்டாம் வரி 'அடுக்கில் மீண்டும் அடுக்கிடு'. எடுத்த, அடுக்கில்: எதுகை கெடவில்லை.

கணேஷ்_மதுரை
'வைத்திடு' என்றால் இன்னும் இயல்பு.

செல்வி டீச்சர்
இயல்புதான். ஆனால் 'படித்' நிரை, 'வைத்' நேர். கொஞ்சம் இழுத்துச் சொன்னால் சமாளிக்கலாம்.

மூன்றாம்வகுப்பு
'வைத்திடு' என்றே எழுதி ஒட்டிவிட்டேன். சேர்ந்து சொல்லிப் பார்த்தோம், தடுக்கவில்லை. ஒருவன் மட்டும் 'வைச்சிடு' என்கிறான். நன்றி.